போனஸ் மாதமும் சேதாரமும்



பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு விற்ற காசு கைக்கு வந்ததும், வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்கி நகைச்சீட்டில் சேருகிறவர்கள் உண்டு. பத்து மாதம் நாம் கட்ட வேண்டும், பதினோராவது மாதத் தவணையைக் கடைக்காரர் போடுவார். அதைத்தான் போனஸ் என்கிறோம். சீட்டு ஏன் பதினோரு மாதத்தோடு முடிகிறது தெரியுமா? பொருளுக்கென்று ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதி சொல்கிறது. தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,000 ரூபாய். பத்து மாதத்தில் 20,000, போனஸோடு 22,000. நகை எடுக்கும் அன்று கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராம் தோடு 20,000. அதற்குச் சேதாரம் 12 சதவீதம், 2,400 ரூபாய். இரண்டும் சேர்ந்த தொகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 672 ரூபாய். ஆகமொத்தம் 23,072. சீட்டுப் போக, கையிலிருந்து 1,072 ரூபாய் தர வேண்டும். கடை கொடுத்தது 2,000, சேதாரத்தில் போனது 2,400. கொடுத்த கையே எடுத்துக்கொண்டது!

இன்னொரு கடையில் போனஸ் கிடையாது, ஆனால் சேதாரமும் இல்லை என்கிறார்கள். அதே தோடு, வரியோடு 20,600. கையிலிருந்து 600 ரூபாய்தான். ஆகவே சேதாரம் பத்து சதவீதத்தைத் தாண்டும் வேலைப்பாட்டு நகைக்குச் சேதாரமில்லாத சீட்டு நல்லது. ஐந்து சதவீதத்தில் முடிகிற சாதாரண மோதிரம் என்றால் போனஸ் சீட்டே லாபம். எந்த நகை எடுக்கப் போகிறோம் என்பதைச் சேரும் முன்பே யோசிக்க வேண்டியது இதற்காகத்தான். சேதாரம் இல்லை என்ற சலுகைக்கும் சில இடங்களில் ஒரு உச்சவரம்பு இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

கிராம் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு என்றால், கட்டிய தேதி, அன்றைய விலை, வரவான எடை மூன்றும் புத்தகத்தில் ஏற வேண்டும். விலை 10,000 உள்ள நாளில் 2,000 கட்டினால் 0.200 கிராம். வீட்டுக்கு வந்து வகுத்துப் பாருங்கள். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை இறங்கிய மாதம் தவணை தவறினால் போனஸ் குறையலாம், போகவும் போகலாம். அது புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நகைச்சீட்டுப் பணத்துக்கு வங்கி டெபாசிட்டைப் போலக் காப்பீடு கிடையாது. திருச்சியைச் சேர்ந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் 2023இல் கடைகளை மூடியபோது, பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், சீட்டு முடிந்த வாரமே நகையை எடுத்துவிடுங்கள்.