முதற் பகுதி பிழைத்தால்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பல பகுதிகளாகப் பிரிந்த ஒரு பரீட்சை வினாவிலே முதற் பகுதியின் விடை பிழைத்துவிட்டால், அப்பிழை அடுத்த பகுதிகளுக்கும் ஓடிச் செல்கின்றது. பரீட்சை மண்டபத்திலே, சரியான விடையைச் சொல்வார் எவருமில்லாத வேளையில், அதனை நாமே எவ்வாறு கண்டுகொள்வது என்பதே அப்பொருள். பொதுப்படப் பேசினால் இது மனத்திற் பதியாது. ஆதலின் பிரயோக கணிதத்திலிருந்து ஒரேயொரு வினாவை எடுத்து, அதனை இறுதிவரை பார்ப்போம். கணிதம் படியாத பெரியோர்கள் கிணற்றுக் கப்பியொன்றை மனத்தில் நினைத்துக்கொண்டாற் போதும்.

ஒப்பமான கப்பியொன்றின் மேலாக இலேசான, நீளாத இழையொன்று செல்கின்றது. அதன் ஒரு நுனியில் 3 கிலோகிராம் திணிவும், மறு நுனியில் 2 கிலோகிராம் திணிவும் தொங்குகின்றன. பாரமான திணிவு நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரத்தில் இருக்க, இரண்டும் ஓய்விலிருந்து விடப்படுகின்றன. வினா ஐந்து பகுதிகளைக் கொண்டது. (அ) ஆர்முடுகல் யாது? (ஆ) இழையின் இழுவை யாது? (இ) பாரமான திணிவு நிலத்தை அடிக்கும்போது அதன் வேகம் யாது? (ஈ) அதன்பின் மற்றத் திணிவு இன்னும் எவ்வளவு உயரம் ஏறும்? (உ) திணிவுகள் இயங்கும்போது இழை கப்பியைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை யாது? புவியீர்ப்பு ஆர்முடுகல் g ஐ 10 எனக் கொள்வோம்.

விடை எழுதுமுன், எந்தப் பகுதி எதனை நம்பி நிற்கின்றது என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். இழுவைக்கு ஆர்முடுகல் வேண்டும். வேகத்திற்கும் ஆர்முடுகல் வேண்டும். ஏறும் உயரம் வேகத்திலிருந்து வருகின்றது. கப்பியின் மேலுள்ள விசை இழுவையிலிருந்து வருகின்றது. ஆக, (அ) என்பது வேர். மற்றவை நான்கும் அதிலிருந்து இரு கிளையாகப் பிரிந்தவை. வேரிற் பிழைத்தால் கிளை இரண்டும் பிழைக்கும்.

இவ்வினாவில் மாணவர் பிழைக்கும் வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்து நிறை 30 நியூற்றன், மறு பக்கத்து நிறை 20 நியூற்றன், மிஞ்சும் விசை 10 நியூற்றன் என்று சரியாகவே கண்டுவிடுவர். பின்னர், விழுவது 3 கிலோகிராம் திணிவுதானே என்று எண்ணி, 10 ஐ 3 ஆற் பிரித்து, ஆர்முடுகல் 3⅓ என்று எழுதிவிடுவர். உண்மையில் அந்தப் பத்து நியூற்றன் இரு திணிவுகளையும் சேர்த்தே இயக்கவேண்டும். ஆதலின் 5 ஆற் பிரித்து, ஆர்முடுகல் 2 எனக் கொள்வதே முறை.

பிழைத்த மாணவன் இப்போது 3⅓ ஐக் கொண்டு மேலே செல்கின்றான். 2 கிலோகிராம் திணிவுக்கு T − 2g = 2a என எழுதி, இழுவை 26⅔ நியூற்றன் என்கின்றான். வேகத்தின் வர்க்கம் 2 × 3⅓ × 1, அதாவது 6⅔ என்கின்றான். அதனை 2g, அதாவது 20 ஆற் பிரித்து, ஏறும் உயரம் ⅓ மீற்றர் என்கின்றான். கப்பியின் மேலுள்ள விசை, இழுவையின் இருமடங்காகிய 53⅓ நியூற்றன் என்கின்றான். பின்வந்த நான்கு பகுதிகளிலும் அவன் முறை சரியானதே. ஆனால் ஐந்து விடைகளும் பிழை. எந்த விடையும் பார்த்தவுடன் பிழையென்று தோன்றவும் இல்லை.

நேரம் மிஞ்சியிருப்பதால் அவன் சரிபார்க்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கின்றது. அவன் 26⅔ ஐ மீண்டும் 2 கிலோகிராம் திணிவின் சமன்பாட்டிலே இட்டுப் பார்த்தால், அது பொருந்தியே தீரும். ஏனெனில் அந்த எண் பிறந்ததே அச்சமன்பாட்டிலிருந்துதான். கோயிற் கணக்கை எழுதுவோர் இதனை நன்கறிவர். மேலிருந்து கீழே கூட்டிய நிரலை மறுபடியும் மேலிருந்து கீழே கூட்டினால், ஏமாந்த இடத்திலேயே திரும்பவும் ஏமாறுவோம். கீழிருந்து மேலே கூட்டவேண்டும். அல்லது பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். விடை வந்த வழியாலேயே திரும்பிச் செல்வது சோதனை ஆகாது. இதுவரை பயன்படுத்தாத வழி ஒன்றினால் அதே இடத்தை அடைந்து பார்ப்பதே சோதனை.

இவ்வினாவில் அப்படிப்பட்ட வழிகள் மூன்றைக் காட்டுவோம்.

முதலாவது, இதுவரை தொடாத சமன்பாடு. 3 கிலோகிராம் திணிவுக்கு 3g − T = 3a என எழுதலாம். ஆர்முடுகல் 3⅓ ஆனால், இழுவை 30 இலிருந்து 10 ஐக் கழித்து 20 நியூற்றன் ஆகின்றது. மறு பக்கத்திலோ 26⅔ என்று வந்தது. ஒரே இழை, ஒப்பமான கப்பி. இழுவை இரண்டாக இருக்க முடியாது. ஆர்முடுகல் 2 ஆனாலோ, ஒரு பக்கத்தில் 2 × 12 = 24, மறு பக்கத்தில் 3 × 8 = 24. இரண்டும் ஒன்றே. இச்சோதனைக்கு அரை நிமிடம் போதும். (ஆ) முடிந்தவுடன் இதனைச் செய்தவன் மற்ற மூன்று பகுதிகளையும் காப்பாற்றிக்கொள்கின்றான்.

இரண்டாவது, சக்திக் கணக்கு. இதில் ஆர்முடுகலும் இல்லை, இழுவையும் இல்லை. பாரமான திணிவு 1 மீற்றர் இறங்க, 30 யூல் அழுத்தச் சக்தி குறைகின்றது. மற்றது 1 மீற்றர் ஏற, 20 யூல் கூடுகின்றது. மிஞ்சிய 10 யூல் தான் இரு திணிவுகளின் இயக்கப்பாட்டுச் சக்தியாக மாறவேண்டும். பிழையான வேகத்தின்படி அச்சக்தி ½ × 5 × 6⅔, அதாவது 16⅔ யூல் ஆகின்றது. இல்லாத 6⅔ யூல் எங்கிருந்து வந்தது? சரியான வேகம் செக்கனுக்கு 2 மீற்றர்; அதன்படி ½ × 5 × 4 = 10 யூல், கணக்கு நேராகின்றது.

மூன்றாவது, எண்ணை விட்டு இயற்கையைக் கேட்பது. இரு திணிவுகளின் நிறையும் சேர்ந்து 50 நியூற்றன். அவை ஓய்வில் தொங்கினால் கப்பி தாங்குவது அந்த 50 ஐ. இப்போதோ பாரமானது கீழே ஆர்முடுகுகின்றது. மொத்தத்தின் திணிவு மையமும் கீழ்நோக்கியே ஆர்முடுகுகின்றது. ஆகவே கப்பி தாங்கும் விசை 50 இலும் குறைந்திருக்கவேண்டும். 53⅓ என்பது அளவிற் சிறிதே மிகுந்தது, ஆயினும் நடக்கவொண்ணாதது. சரியான விடை 48 நியூற்றன். இச்சோதனைக்குக் கணக்கே வேண்டியதில்லை.

எண்களுக்குப் பதிலாக M, m என எழுத்துகள் தரப்பட்டால், சில மாணவர் எல்லை நிலைகளை இட்டுப் பார்ப்பர். நல்ல பழக்கம். ஆனால் அதுவும் ஏமாற்றக்கூடும். பிழையான விடை (M − m)g/M என்றாகும். திணிவுகள் சமமானால் அது பூச்சியமாகின்றது. m பூச்சியமானால் அது g ஆகின்றது. இரண்டு சோதனையிலும் பிழை தப்பிவிட்டது! ஆனால் கப்பியின் பின்புறம் சென்று நின்று பாருங்கள். வலது இடதாகும், ஆர்முடுகலின் பருமன் மாறாது. ஆகவே M ஐயும் m ஐயும் இடம் மாற்றினால் குறி மட்டுமே மாறவேண்டும். பிழையான விடையில் கீழே M தனியே நிற்பதால் பருமனும் மாறிவிடுகின்றது. சரியான விடையாகிய (M − m)g/(M + m) இச்சோதனையிலும் நிலைத்து நிற்கின்றது.

இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. வினாவிலுள்ள 1 மீற்றரை ஒருவன் 2 மீற்றர் என வாசித்துவிட்டால், வேகத்தின் வர்க்கம் 8 ஆகும். சக்தியும் 20 யூலுக்கு 20 யூலாக நேரே பொருந்தும். பகுதிகள் யாவும் ஒன்றோடொன்று இசைந்திருந்தும் விடை பிழை. இசைவு இல்லையேல் பிழை உண்டென்பது உறுதி. இசைவு இருப்பதனாற் பிழை இல்லையென்பது உறுதியன்று. இத்தகைய பிழைக்கு மருந்து, தரவுகளை வினாத்தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே.

இசைவின்மையைக் கண்டபின் செய்யவேண்டியது யாது? பழைய வேலையைச் சுரண்டி அழிக்கவேண்டாம்; ஒரு கோட்டினால் வெட்டி, வேரிலிருந்து திருத்தி, அதனை நம்பிய பகுதிகள் எல்லாவற்றையும் திருத்துக. ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டால் நிலைமை முன்னிலும் மோசமாகும். நேரம் இல்லையாயின் படிகளை விளங்க எழுதியிருத்தலே துணை. முன்வந்த பிழையான எண்ணைக் கொண்டு பின்னர் முறையாகச் செய்தவருக்கு முறைக்குரிய புள்ளியை வழங்கும் புள்ளித் திட்டங்கள் உண்டு. விடையை மட்டும் எழுதியவனுக்கு அச்சலுகை கிடையாது. அவன் சென்ற வழியைப் பரீட்சகர் காண்பதெவ்வாறு?

இன்னொன்று. சில வினாக்களில் “ஆர்முடுகல் g/5 எனக் காட்டுக” என்று முதற் பகுதியே விடையைத் தந்துவிடும். தமக்கு 3⅓ வந்தவர் அதனை 2 ஆக்குவதற்காக நடுவிலே ஒரு குறியை மாற்றுவதும், ஓர் எண்ணை நுழைப்பதும் உண்டு. இது பிழையிலும் கொடிது. பிழை அறியாமையால் வருவது. இதுவோ அறிந்து செய்வது. அன்றியும், அவ்வாறு பூசி மெழுகியவன் தன் வேரிலுள்ள பிழையைத் தேடும் வாய்ப்பையும் இழக்கின்றான். காட்ட முடியாவிடின், “காட்ட இயலவில்லை, தரப்பட்ட g/5 ஐக் கொண்டு தொடர்கின்றேன்” என்று எழுதி அடுத்த பகுதிக்குச் செல்வதே நேர்மையும் புத்தியும் ஆகும். முதற் பகுதியின் புள்ளி போகலாம். மற்ற நான்கு பகுதிகளும் கையில் இருக்கும்.

இளைஞர்கள் இன்றிரவே இவ்வினாவைத் தாளில் எழுதி, 3⅓ எந்த இடத்தில் முதன்முதல் அகப்படுகின்றது என்று தாமே பார்ப்பார்களாக.