நகத்தின் நிறமும் விரலின் வடிவமும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மேசையின் மேல் அழுத்தி விரித்து வைத்த ஒரு கை. அனுப்பியவர் என்னிடம் முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண். "டாக்டர், அப்பாவுக்கு நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. ரத்தம் கம்மியா இருக்குமோ? டானிக் வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

நகம் வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் படத்தில் தெரியும் நிறத்தை நான் எளிதில் நம்புவதில்லை. உங்கள் விரல் நுனியை மேசையில் அழுத்திப் பாருங்கள். நகத்துக்கு அடியில் இருக்கும் ரத்தம் விலகி, நகம் உடனே வெளுக்கும். குளிரில் இருந்தாலும் அப்படித்தான். டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கைப்பேசி தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்வதும் உண்டு. ரத்தசோகை லேசாக இருக்கும்போது நகம் சிவப்பாகவே தெரிவதால், "நகம் நல்லாத்தான் இருக்கு" என்று நிம்மதி அடையவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்து உட்புறத்தையும், உள்ளங்கை ரேகைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். பிறகு ரத்தப் பரிசோதனைதான். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை.

நிறத்தைவிட என் கண்ணில் பட்டது வேறொன்று. விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகங்கள் கிளி மூக்கு போல வளைந்திருந்தன. இதை மருத்துவர்கள் கிளப்பிங் என்பார்கள். வெளிச்சம் மாறினாலும் வடிவம் மாறாது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இன்னும் இரண்டு படங்கள் கேட்டேன்.

முதல் படம், ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தது. சாதாரண விரலில், நகம் தோலுக்குள்ளிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கோணம் ஏறத்தாழ 160 டிகிரி. கிளப்பிங்கில் அந்தப் பள்ளம் நிரம்பி, கோணம் 180ஐத் தாண்டிவிடும். இரண்டாவது படத்துக்கு, இரு கைகளிலும் ஒரே விரலை மடக்கி, நகத்தோடு நகம் முதுகொட்டி நிற்கும்படி சேர்க்கச் சொன்னேன். நலமான விரல்களுக்கு நடுவே, நகத்தின் அடியை ஒட்டி, டைமண்ட் வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். கிளப்பிங் இருந்தால் அது அடைபட்டுப்போகும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தன் இதயத்தில் தொற்று ஏற்பட்டபோது தன் விரல்களிலேயே இதைக் கவனித்து 1976இல் எழுதினார். சோதனைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த அப்பாவின் விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை.

விரல் ஏன் தடிக்கிறது? ரத்தத்தில் தட்டணுக்களை உண்டாக்கும் பெரிய செல்கள் வழக்கமாக நுரையீரலின் நுண்குழாய்களில் உடைந்து சிறிதாகும். நுரையீரலோ இதயமோ பழுதுபட்டால், அவை உடையாமல் விரல் நுனிவரை போய்த் தங்கி, சதையை வளரத் தூண்டும் பொருட்களை வெளியிடுகின்றன. இப்படித்தான் நடக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். நுரையீரல் புற்றுநோய், நெஞ்சில் சீழ் கட்டுவது, நுரையீரல் நார்த்தன்மை அடைவது, பிறவியிலேயே உடல் நீலம் பூக்கும் இதயக் கோளாறு, கல்லீரல் சுருக்கம் இவையெல்லாம் பின்னணியில் இருக்கலாம். சில குடும்பங்களில் நோயே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகவும் வரும். அதனால் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

இந்தக் குடும்பத்தில், அப்பாவின் பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுப் படத்தில் விரல்கள் சாதாரணமாகவே இருந்தன. அப்படியானால் இது இடையில் வந்தது. "பீடி குடிச்சதால வந்த இழுப்பு, அதனால விரல் இப்படி ஆயிருக்கும்" என்று மகள் சொன்னார். புகையால் வரும் இழுப்பு மட்டும் விரலைத் தடிக்க வைக்காது. அப்படிப்பட்டவருக்கு கிளப்பிங் வந்தால், புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்தே ஆக வேண்டும். அதனால் மறுநாளே வரச் சொன்னேன்.

ஹீமோகுளோபின் 13.6. ரத்தசோகை இல்லை; டானிக் தேவைப்படவில்லை. ஆனால் தினமும் காலையில் கால் டம்ளர் சளி துப்புவதாக அப்பா சொன்னார். வருடக்கணக்காக இருப்பதால் யாரிடமும் சொன்னதில்லையாம். எக்ஸ்ரே சந்தேகத்தைக் கிளப்பியது. சிடி ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. இளவயதில் வந்துபோன காசநோய் விட்டுச்சென்ற தழும்பால், இடது நுரையீரலின் மூச்சுக்குழாய்கள் விரிந்து, சளி தேங்கும் பைகளாகிவிட்டிருந்தன. கட்டி எதுவும் இல்லை. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமியும் இல்லை.

விரிந்த குழாய் பழையபடி சுருங்காது. தேங்கும் சளியைத் தினமும் வெளியேற்றுவதுதான் முக்கிய வைத்தியம். இடது பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, ஆழ்ந்து மூச்சிழுத்து, வாய் திறந்து வேகமாக ஊதி, பிறகு இருமித் துப்ப வேண்டும். காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம். சளி பச்சையாகி, அளவு கூடினால் ஆன்டிபயாடிக். பீடியை நிறுத்தியாயிற்று.

விரல்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. சளி மட்டும் குறைந்திருக்கிறது; ராத்திரி இருமாமல் தூங்குகிறார் என்று மகள் போன வாரம் சொன்னார்.