இருபத்தைந்தும் முப்பதும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு பேருந்து செல்கின்றது. எதிர்ச்சரிவில் நிற்பவர் ஒருவர் அதனைக் கையடக்கத் தொலைபேசியிற் படம் பிடிக்கின்றார். அக்கருவி நொடிக்கு 30 படங்கள் எடுக்கின்றது. இலங்கைத் தொலைக்காட்சியோ நொடிக்கு 25 படங்களையே காட்டுவது. மிகுதி ஐந்தை என் செய்வது?

இவ்வேற்றுமை மின்சாரத்தால் வந்தது. தொலைக்காட்சி தோன்றிய காலத்திற் படக் கணக்கை மின்னோட்டத்தின் துடிப்போடு பிணைத்தனர். பிரித்தானியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடித்தது. அதன் பாதியாகிய 25 அங்கு வழக்காயிற்று. அமெரிக்காவில் 60 துடிப்பு. அங்கே 30 நிலைத்தது. இலங்கை முன்னதன் வழி நின்றது.

மாற்றுவதற்கு எளிய வழி, ஆறு படங்களுக்கு ஒன்றை எறிந்துவிடுவதாகும். பேருந்து ஒரு படத்துக்குப் பத்துப் புள்ளி நகர்வதாகக் கொள்வோம். அது 0, 10, 20, 30, 40, 50, 60 என்னும் இடங்களில் நிற்கும். ஐம்பதை எறிந்தால், பத்துப் பத்தாக வந்த பேருந்து நாற்பதிலிருந்து அறுபதுக்குத் தாவும். நொடிக்கு ஐந்து முறை நிகழும் இத்தாவலே கண்ணை உறுத்தும் திக்கலாம். உண்மையில் வேண்டுவன 0, 12, 24, 36, 48, 60 என்னும் சீரான நிலைகள்.

இரண்டாவது வழி கலத்தல். பன்னிரண்டாம் புள்ளிக்குரிய படத்தைப் பத்தாம் புள்ளிப் படத்தில் எட்டுப் பங்கும் இருபதாம் புள்ளிப் படத்தில் இரண்டு பங்கும் சேர்த்து ஆக்குவர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விளையாட்டுக்களின் வண்ணப் படங்களை ஐரோப்பியருக்கு மாற்றித் தரப் பி.பி.சி. பொறியியலாளர் அமைத்த மின்னணுக் கருவியும் அண்டைப் படங்களைக் கலந்தே புதுப்படம் ஆக்கியது. இவ்வழியில் தாவல் மறையும். ஆனால் பேருந்தின் ஓரத்தில் மங்கலான இரட்டை உருவம் தோன்றும்.

மூன்றாவது வழி, அசைவை அளந்து நகர்த்தல். கணினி இரு படங்களை ஒப்பிட்டுப் பேருந்து பத்துப் புள்ளி நகர்ந்ததென அறிகின்றது. பின் முதற் படத்துப் பேருந்தை இரண்டு புள்ளி முன்தள்ளிப் பன்னிரண்டில் வைக்கின்றது. உருவம் ஒன்றே, ஓட்டமும் சீரானது.

இதற்கும் எல்லையுண்டு. தேயிலை நிரைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கணினி ஒரு நிரையை அடுத்த நிரையென்று மயங்கும். சரிவே நெளிவதுபோலத் தெரியும். பேருந்து மரத்தின் பின் மறையுமிடத்தில், ஒரு படத்திலுள்ள பகுதி மற்றதில் இல்லை. அங்கே விளிம்பு கிழிந்து தோன்றும். அத்தகைய துண்டுகளில் மட்டும் கலத்தலுக்கு மீள்வதே நலம்.

மாற்றிய படத்தைச் சோதிக்க, மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியையோ ஓடும் எழுத்துக்களையோ பார்த்தல் வேண்டும். படம் படமாக நிறுத்திப் பார்க்கையில் இரட்டை விளிம்பு தெரிந்தால் அது கலத்தல். ஐந்து படத்துக்கொரு தாவல் தெரிந்தால் அது எறிதல்.

தொலைக்காட்சிக்கென்றே எடுப்பவர், கருவி இடந்தருமாயின், தொடக்கத்திலேயே 25 என்று அமைத்துக்கொள்ளலாம். அப்போது மாற்ற வேண்டுவதே இல்லை.