மணல் லோடு இறங்கும்போது பார்க்க வேண்டிய இரண்டு சோதனை

வீடு கட்டக் கடன் வாங்கியிருக்கிற அக்கா, தங்கச்சிகளுக்காக இன்று மணலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முல்லைப் பெரியாற்று மணலில் கட்டிப் பழகிய ஊர் நம்முடையது. இப்போது வாசலில் இறங்குவது பெரும்பாலும் எம்-சாண்ட். இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது.

முதலில் வண்டல். நேரான கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மேல் மணல் போட்டு, ஒரு ஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும். அதன் மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். மணல் 10 செ.மீ. இருந்தால் வண்டல் 8 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கூடினால் கழுவிச் சலிக்கணும், இல்லையென்றால் லோடைத் திருப்பி அனுப்பணும். வண்டல் சிமெண்டை மணலோடு ஒட்ட விடாது. பூச்சு பொரிந்து விழும்.

எம்-சாண்டுக்கு இந்த அளவு பொருந்தாது. அது பாறையை உடைத்துச் செய்வது, கல்மாவு இருக்கத்தான் செய்யும். ஐ.எஸ். 383 தரவிதிப்படி, மிக நுண்ணிய தூள் ஆற்றுமணலில் எடையில் நூற்றுக்கு 3 வரை, எம்-சாண்டில் 15 வரை இருக்கலாம். அதனால் பாட்டிலில் அடுக்கு தடிமனாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். அந்த அடுக்கை விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் கல்மாவு, பிசுபிசுவென்று ஒட்டினால் மண். மண் என்றால் வேண்டாம். கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று இறக்குகிறவர்களும் உண்டு. ஆலையின் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து உப்பல். ஈர மணலில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர் மூடி, துகள்களைத் தள்ளி நிறுத்தும். அதனால் மணல் உப்பும். முழுக்க நனைந்தால் பழையபடி அடங்கிவிடும். இதை வைத்தே அளக்கலாம். நேரான டப்பாவில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. போடுங்கள். அதை வெளியே கொட்டி, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறிச் சமப்படுத்துங்கள். 16 செ.மீ. வந்தால், 4 செ.மீ. வெறும் உப்பல். 16-க்கு 4, அதாவது நூற்றுக்கு 25.

இதில் நம்ம காசு இருக்கு. அந்த மணலை ஒரு யூனிட், நூறு கன அடி என்று வாங்கினால், உண்மையில் 80 கன அடிதான் கையில் வரும். கலவையிலும் அப்படித்தான். ஒன்றுக்கு நாலு என்றால், அந்த ஈர மணலில் ஐந்து பெட்டி போட வேண்டும். நாலே போட்டால் சிமெண்ட் வீணாகும்.

எம்-சாண்டும் ஈரத்தில் உப்பும். அதையும் அன்றன்றைக்கு அளந்துகொள்ளுங்கள். அதன் துகள் கூரானது, அதனால் காய்ந்திருந்தால் கலவை தண்ணீரை இழுத்து இறுகும். கொத்தனார் அள்ளி அள்ளித் தண்ணீர் ஊற்றுவார், பலம் குறையும். முதல் நாளே குவியலை லேசாக நனைத்து, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். எடுக்கும்போது மேலும் கீழும் கிளறி எடுங்கள். கல்மாவு ஒரே பக்கம் சேர்ந்திருக்கும்.

லோடு இறங்கும் முன்னே, வண்டிக்காரரை நிறுத்தி, நாலு இடத்தில் கைப்பிடி மணல் எடுத்துச் சோதியுங்கள்.