காடை எப்போது முட்டையிடும், எப்போது கையைக் கடிக்கும்?
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான வாழ்வாதார வகுப்பில் ஆற்றிய உரை)



நாட்டுக்கோழிக் குஞ்சொன்றை இன்று வாங்கினால் அது முட்டையிட ஐந்தாறு மாதம் செல்லும். ஜப்பானியக் காடை ஆறு அல்லது ஏழு வாரத்தில் முட்டையிடும். திரும்பி வந்து புதிதாக அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். அதனால்தான் பலரும் காடையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் காடை மேய்ந்து பிழைக்கும் பறவை அல்ல. அது தின்னும் ஒவ்வொரு பிடித் தீனும் காசு கொடுத்து வாங்கியதாகவே இருக்கும். ஆகவே எத்தனை காடை, எந்த வயதில், ஆணா பெண்ணா என்பதை வாங்கும் முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வயது. ஒருநாள் குஞ்சு விலை குறைவு என்று வாங்க நினைப்போம். அந்தக் குஞ்சு ஏழெட்டுக் கிராம் எடைதான் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு இரவும் பகலும் பல்ப் போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதாது. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. தண்ணீர்த் தட்டில் சிறு கூழாங்கல் பரப்பாவிட்டால் அதற்குள் விழுந்து செத்துப்போகும். வீட்டுக்கு இன்னும் மின்சார இணைப்புக் கிடைக்காதவர்கள் ஒருநாள் குஞ்சு எடுக்க வேண்டாம். நான்கு வாரக் காடையாக வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் சாகும் கட்டத்தை அது தாண்டியிருக்கும்.

நான்கு வாரத்தில் வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று வாரத்துக்குப் பிறகு நெஞ்சு இறகைப் பார்த்தே ஆண் பெண் பிரிக்கலாம். ஆணுக்கு நெஞ்சு புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருக்கும். பெண்ணுக்கு நெஞ்சில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். கறிக்குப் போகும் முட்டைக்கு ஆண் தேவையே இல்லை. ஆண் இல்லாமலும் பெண் காடை முட்டையிடும். பிரிக்காமல் வாங்கினால் ஏறக்குறைய பாதி ஆணாக வந்துவிடும்.

அடுத்து கூடு. இருபது பெண் காடைக்கு நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கம்பிவலைக் கூடு போதும். உயரம் பத்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். காடை மிரண்டால் நேரே மேலே பாயும். கூடு உயரமாக இருந்தால் வேகமெடுத்துத் தலையை அடித்துக்கொள்ளும். வலையின் கண் அரை அங்குலம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் எலியும் பாம்பும் நுழையும். அடிவலையை முன்பக்கம் சற்றுச் சரிவாக வைத்தால் முட்டை உருண்டு வெளியே வந்து நிற்கும், மிதிபடாது. கூட்டை இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். மாரிகாலத்தில் வெள்ளம் நிற்கும் வளவுகளுக்கு இது கட்டாயம். வாடைக்காற்று மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தையும், கச்சான் காலத்து வெயில் படும் பக்கத்தையும் கிடுகால் மறைத்து, மற்றப் பக்கங்களைக் காற்றோட்டமாக விடுங்கள்.

வீட்டுத்திட்டங்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. காடை எச்சத்தின் வாடை கடுமையானது. கூட்டின் கீழே தட்டு வைத்து அதில் உமி பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளி எடுங்கள். தென்னைக்கும் மரக்கறிக்கும் அது மக்கிய பின் நல்ல பசளை. அள்ளாமல் விட்டால் அயல்வீட்டார் பேச்சுக்கும் ஆளாவீர்கள், பறவைக்கும் கண்ணும் மூச்சும் கெடும்.

இப்போது தீன். வளர்ந்த காடை நாளைக்கு 20 முதல் 25 கிராம் வரை தின்னும். அதன் தீனில் புரதம் கோழித் தீனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குஞ்சுக்கு 100க்கு 24 பங்கும், முட்டையிடும் காடைக்கு 20 பங்கும் தேவை. தவிடும் சோறும் வயிற்றை நிரப்பும், முட்டையைத் தராது. கடைத் தீன் மூட்டையில் புரத அளவு எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். குறைவாக இருந்தால் காய்ந்த நெத்தலித் தூளைச் சேர்க்கலாம். ஆனால் உப்புப் போடாமல் காயவைத்த மீனாக இருக்க வேண்டும். வீட்டுக் கருவாட்டை இடித்துப் போட்டால் உப்பு மிஞ்சி, தண்ணீராகக் கழிந்து காடை சாகும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தாகக் கடற்கரைச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள்.

தீனோடு வெளிச்சமும் வேண்டும். காடை நன்றாக முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் தேவை. நமது பகுதியில் பகல் வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான். மஃரிபிலிருந்து இரவு ஒன்பது மணி வரையாவது கூட்டருகே சிறு விளக்கு எரியட்டும். இன்று எரித்து நாளை அணைத்தால் முட்டை குறையும். இன்னொன்று: கோழி காலையில் முட்டையிடும், காடை பெரும்பாலும் அஸருக்குப் பிறகு மாலையில்தான் இடும். காலையில் கூட்டைப் பார்த்துவிட்டு, இடவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நான்கு வாரப் பெண் காடை இருபது வாங்குகிறீர்கள். முதல் முட்டைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் உண்டு. அதுவரை நாளைக்கு 400 கிராம் படி ஐந்தரை முதல் எட்டரை கிலோ வரை தீன் போகும், வருமானம் இராது. அந்தக் காசைக் காடை வாங்கும் காசோடு சேர்த்தே ஒதுக்கி வையுங்கள். ஏழாம் வாரம் ஓரிரண்டு முட்டையில் தொடங்கி, ஒன்பது பத்து வாரத்தில் நாளைக்குப் பதினைந்து அளவுக்கு வரும். அப்போது தீன் நாளைக்கு 500 கிராம். அதாவது இரண்டு நாளில் ஒரு கிலோ தீன், முப்பது முட்டை. உங்கள் கடையில் ஒரு கிலோ தீன் என்ன விலை, முப்பது முட்டை என்ன விலைக்குப் போகும் என்று இன்றே விசாரியுங்கள். இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவதுதான் கூலி.

இதே இருபது பெண்ணோடு இருபது ஆணும் இருந்தால் என்னவாகும்? முப்பது முட்டைக்கு இரண்டு கிலோ தீன் போகும். பலருக்கு நட்டம் வருவது இந்த இடத்தில்தான். குஞ்சாக எடுத்தவர்கள் ஆண்களை ஐந்து ஆறு வாரத்தில், 180 அல்லது 200 கிராம் வந்ததும், இறைச்சிக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவை தின்பதற்கு ஏற்ப எடை கூடாது.

முட்டை திடீரெனக் குறைந்தால் மருந்து தேடும் முன் தீன் மாறியதா, விளக்கு அணைந்ததா, தண்ணீர் சுட்டுக் கிடந்ததா, இரவில் பூனையோ எலியோ மிரட்டியதா என்று பாருங்கள். காடைகள் இறகு சிலிர்த்து ஒதுங்கினாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தாலோ, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் காடை அடைகாக்காது. ஒரு வருடத்துக்குள் முட்டை குறைந்துவிடும். அடுத்த தொகுதியைப் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். ஆகவே முட்டை விற்ற காசில் வாராவாரம் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். அந்தப் பங்கும் கைச்செலவுக்குப் போய்விட்டால், அடுத்த வருடம் கூடு மட்டும்தான் மிஞ்சும்.