பார்சல் வந்திருக்கிறது என்று அழைத்தால்

(மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமன்னாரிலும் முசலியிலும் திரும்பி வந்து குடியிருக்கும் உங்களில் பலருக்கு வெளிநாட்டில் பிள்ளைகளோ சகோதரங்களோ இருக்கிறார்கள். பார்சல் வருவது உங்களுக்குப் புதிதல்ல. அதனால் ‘உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு’ என்று யாரும் அழைத்தால் எளிதில் நம்பிவிடுகிறோம். தபால் திணைக்களத்தின் பெயரிலேயே போலிக் குறுஞ்செய்திகள் வருவதாக 2024 இல் அந்தத் திணைக்களம் எச்சரித்தது.

இப்படி ஓர் அழைப்பு எப்படிப் போகும் என்று பார்ப்போம். பேசுபவர் மரியாதையாகப் பேசுவார். ‘அம்மா, விலாசம் சரியில்லை, பார்சல் கொழும்பில் நிற்கிறது. 95 ரூபாய் கட்டினால் நாளைக்கு வந்துவிடும்’ என்பார். 95 ரூபாய்தானே என்று நாமும் சம்மதிப்போம். உடனே வங்கி அட்டையின் முன்பக்க இலக்கத்தையும், முடிவுத் திகதியையும், பின்பக்கத்தில் உள்ள 3 இலக்கங்களையும் கேட்பார். நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் அவற்றை இணையக் கடை ஒன்றில் பதிவார்.

இனி அவருக்கு ஒன்றுதான் குறை. வங்கி உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பும். அதுதான் ஓ.ரி.பி.; திரையில் OTP என்று இருக்கும். ‘பார்சலை விடுவிக்கும் இலக்கம், வாசியுங்கோ’ என்பார். உண்மையில் அது காசு எடுக்க நீங்கள் வைக்கும் கையெழுத்து.

அந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தாலும் LKR என்ற எழுத்துகளைத் தேடுங்கள். பல வங்கிகள் அதற்குப் பக்கத்தில் தொகையைப் போடும். அவர் சொன்னது 95. அங்கே 48,500 என்று இருக்கலாம். தொகை இல்லாவிட்டாலும், சரியாக 95 என்றே இருந்தாலும், வாசித்துச் சொல்ல வேண்டாம். வங்கி அனுப்பும் இலக்கத்துக்கும் பார்சலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உண்மையான பார்சல் என்றால் எப்படித் தெரியும்? தபாலில் வந்ததென்றால் தபாலகத்திலிருந்து அறிவித்தல் வரும். அடையாள அட்டையோடு போய், கட்டணம் இருந்தால் அங்கேயே கட்டி, பற்றுச்சீட்டு வாங்கலாம். தனியார் கம்பனி என்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அனுப்பியவரிடமே கேளுங்கள். அவரிடம் பில் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

ஏற்கெனவே இலக்கத்தைச் சொல்லிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள வங்கி இலக்கத்துக்கு அந்த நிமிடமே அழைத்து, அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். போன காசு திரும்புவது கடினம். ஆனால் கணக்கில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். குறுஞ்செய்திகளை அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். ஆலோசனைக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 இல் அழைக்கலாம்.

வீட்டில் தொலைபேசியை எடுப்பது பெரும்பாலும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். இன்றிரவே அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.