அரவம்: பாம்பா, ஓசையா?
(சல்லியில் நிகழ்த்திய உரை)



7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்தை நம்மில் பலர் பொருள் தெரியாமலே பாடமாக்கினோம். இன்று அதன் முதற் பாட்டிலுள்ள மூன்று சொற்களை மட்டும் பார்ப்போம்.

தொடக்கத்திலேயே 'அரவம்' வருகிறது. சிவன் பாம்பணிந்தவர், ஆகவே அது பாம்பு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். ஆனால் அந்தச் சொல்லின் அயலைப் பாருங்கள். முன்னே நிற்பது கழல், காலில் அணிவது. பின்னே நிற்பது சிலம்பொலி. அடுத்து வரும் 'அலம்பும்' என்பதற்கு ஒலிக்கும் என்ற பழைய பொருள் உண்டு. நாம் கைகால் அலம்புவதை மட்டுமே அறிந்திருக்கிறோம். தெரியாத ஒரு சொல்லைத் தெரியாத இன்னொன்றால் நிறுவ முடியாதுதான். ஆனால் சிலம்பொலியில் 'ஒலி' வெளிப்படையாகவே இருக்கிறதே! கழலின் ஓசையும் சிலம்பின் ஒலியும் என்று கொண்டால் இரண்டும் இணையாக நிற்கின்றன. பாம்பை நடுவில் வைத்தால் அந்த இணை குலைகிறது.

சொல்லின் வரலாறும் இதற்கு இடங்கொடுக்கிறது. இரவில் வாசலில் யாரோ நடமாடினால் அம்மம்மாமார் "ஆளரவம் கேக்குது" என்பார்கள். பாம்பைக் கண்டு "அரவம்" என்று கத்தியவர் யாருமில்லை. பாம்பு என்ற பொருள் ஏட்டில் தங்கிவிட்டது. ஓசை என்ற பொருள் வீட்டில் தங்கிவிட்டது.

அடுத்தது 'சந்து'. ஒழுங்கை என்பீர்கள். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு மூட்டு ஞாபகம் வரும். அது வடமொழிச் 'சந்தி'யின் உறவு. பாட்டிலோ அதற்குப் பக்கத்தில் கரிய அகிலின் பிளவுகள் கிடக்கின்றன. அகிலோடு சேர்வது சந்தனம். 'சந்து' அதன் குறுகிய வடிவம். ஒரே எழுத்தில் வந்தாலும் இவை வேறு வேறு சொற்கள்.

கடைசியாகக் 'கொழிக்கும்'. செல்வம் கொழிக்கிறது என்று கேட்டுப் பழகியதால், முத்து நிறைந்த கடல் என்று விளங்கிக்கொண்டோம். ஆனால் இங்கே கொழிப்பது கடலின் ஓதம், அதாவது அலை, கொழிக்கப்படுவது முத்து. சுளகில் அரிசியைக் கொழிக்கும்போது கையை எப்படி ஆட்டுவோம்? முன்னும் பின்னுமாக ஆட்ட, வேண்டியது ஒரு பக்கம் ஒதுங்கும். இந்தச் சல்லிக் கரையில் அலை வந்து திரும்பும்போது சிப்பியும் சோகியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்குமே, அதுதான் கொழித்தல்.

சொல் விளங்கியதால் இங்கே முத்து விளைந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். முத்துக்குளிப்புக்குப் பேர்போனது மன்னார்க் கடல். சம்பந்தரும் இராமேசுவரத்திலிருந்தே கோணமலையைப் பாடினார் என்பது பெரியபுராண மரபு.